வரம்புகள் பகுதி மன்னிப்புக் கடிதம் அல்ல

கோயில் தன்னார்வலர்களிடம் பேசிச் செய்த சிறு ஆய்வுகளின் வரைவுகள் என்னிடம் அடிக்கடி வருகின்றன. எழுத்துப்பிழை, மேற்கோள் பிழையை யாரும் திருத்திவிடலாம். வரம்புகள் பகுதியில் திரும்பத் திரும்ப வரும் தவறுகளை மட்டும் சொல்கிறேன்.

எண்ணிக்கைக்காக வருந்துவது

'12 பேரிடம் மட்டுமே பேச முடிந்தது. எனவே முடிவுகளைப் பொதுமைப்படுத்த இயலாது.' இந்த இரண்டு வரிகளைப் பார்த்தாலே எனக்கு எரிச்சல் வரும். எத்தனை சதவீதம் பேர் என்று சொல்லவே வராத ஆய்வை, கருத்துக்கணிப்பின் அளவுகோலால் ஏன் அளக்க வேண்டும்? ஒரு வாய்மொழித் தேர்வில் தேர்வாளர் இந்த வரியை வாசித்துவிட்டு, "அப்படியானால் கடைசி இயலில் எதைச் சொல்கிறீர்கள்?" என்று கேட்டார். மாணவியிடம் நல்ல தரவு இருந்தும் பதில் வரவில்லை.

அவருடைய ஆய்வின் உண்மையான வரம்பு வேறு. 12 பேரையும் அறிமுகப்படுத்தியவர் கோயிலின் தொண்டர் ஒருங்கிணைப்பாளர். நேர்காணல்கள் நடந்ததும் கோயில் வளாகத்தில், சேவை முடிந்த கையோடு. மனம் வெறுத்து விலகியவர் ஒருவர்கூட இல்லை. 'சேவையில் களைப்பே தெரிவதில்லை' என்ற கண்டுபிடிப்பை இது நேராகப் பாதிக்கிறது. சன்னிதிக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு யார் குறை சொல்வார்கள்? ஆனால் புதியவர்கள் வேலை பழகும் விதம் பற்றிய பகுதியை அவ்வளவாகத் தொடாது. அதை அவர் பந்தியில் கூடவே நின்று பார்த்தும் குறித்திருந்தார்.

சரி, எப்படி எழுதுவது? 'பங்கேற்பாளர்கள் ஒருங்கிணைப்பாளர் வழியாக வந்தவர்கள். விலகியவர்கள் இதில் இல்லை. ஆகவே களைப்பு பற்றிய பகுதி, இன்றும் சேவையில் இருப்பவர்கள் கோயிலுக்குள் அதைப் பேசும் விதத்தையே காட்டுகிறது. வேலை பழகுவது பற்றிய பகுதிக்குக் களக்குறிப்புகளும் ஆதாரமாக உள்ளன.' யார் விடுபட்டார்கள், அதனால் எந்தக் கண்டுபிடிப்பு எந்தப் பக்கம் சாய்கிறது, எது தாக்குப்பிடிக்கிறது என்று மூன்றும் வந்துவிட்டன. 'மட்டுமே', 'துரதிர்ஷ்டவசமாக' எதுவும் தேவைப்படவில்லை.

பொதுமைப்படுத்தல் பற்றிக் கேட்பார்களே என்று பயப்படுகிறவர்களுக்கு: பண்புசார் ஆய்வுமுறை பற்றி எழுதிய லிங்கனும் கூபாவும் 1985-இலேயே இதற்கு வழி காட்டிவிட்டார்கள். இன்னொரு இடத்துக்குப் பொருந்துமா என்று முடிவுசெய்ய வேண்டியவர் அந்த இடத்தை அறிந்த வாசகர். அதற்கு வேண்டிய சூழல் விவரத்தைக் கொடுப்பது உங்கள் பொறுப்பு. கோயில் எவ்வளவு பெரியது, சம்பளப் பணியாளர்கள் உண்டா, யார் வேலையைப் பிரித்துக் கொடுக்கிறார்கள் என்பதெல்லாம் ஆய்வுமுறை இயலில் இருக்க வேண்டும்.

'நானும் பக்தர் என்பதால் சார்பு இருக்கலாம்'

'இருக்கலாம்' என்று விட்டுவிடாதீர்கள். நேர்காணல் எழுத்துப்படியை மறுபடி படியுங்கள். "உங்களுக்குத் தெரியாததா" என்று அவர்கள் பாதியில் நிறுத்திய இடங்களில் நீங்கள் மேலே கேட்டீர்களா? கேட்காத இடங்கள் எந்தத் தலைப்பில் குவிகின்றன என்று எழுதுங்கள்.

நேரமின்மை

எழுதவே வேண்டாம்.

'எதிர்காலத்தில் அதிகமானோரிடம் ஆய்வு செய்யலாம்'

இதே ஒருங்கிணைப்பாளர் வழியாக இன்னும் 40 பேரைச் சேர்த்தாலும் அதே சாய்வுதான் வரும். விலகியவர்களை, கோயிலுக்கு வெளியே, வேறு அறிமுகம் வழியாகச் சந்திக்க வேண்டும் என்று எழுதுங்கள்.