குங்குமம் நடுவில், வகிடு பக்கவாட்டில்: அகன்ற வகிட்டை மறைக்கும் முறை

கோலாலம்பூர் செந்தூலில் இருக்கும் என் அண்ணிக்கு 54 வயது. உறவுக்காரர் வீட்டுத் திருமணத்தில் அவர் குனிந்து அட்சதை தூவும் நேரத்தில் யாரோ படம் எடுத்திருக்கிறார்கள். மண்டபத்து விளக்கு நேர் உச்சிக்கு மேலே எரிந்துகொண்டிருந்ததில், வகிட்டுத் தோல் அகலமாகத் தெரிந்தது. அந்தப் படத்தைப் பார்த்த நாளிலிருந்து அவர் தலையில் முக்காடு போடாத குறைதான். "வகிட்டை மாற்றிவிடுகிறேன், அண்ணி" என்று சொன்னதும் மறுத்துவிட்டார். "முப்பது வருஷமாகக் குங்குமம் வைக்கிற இடம். அதை எப்படிப் பக்கத்தில் கொண்டுபோய் வைப்பது?" என்றார்.

பிரிக்பீல்ட்ஸில் நான் வேலை செய்யும் சலூனுக்கு வரும் அக்காமார் பலரும் இதே காரணத்தால்தான் நேர்வகிட்டை விடுவதில்லை. குங்குமத்தை அசைக்காமலே வகிட்டைத் திருப்ப ஒரு வழி இருக்கிறது. வீட்டிலேயே செய்யலாம். வால் சீப்பு ஒன்று, அதாவது கைப்பிடி கூரான குச்சி போல் நீண்டிருக்கும் சீப்பு, தட்டையான கிளிப் நான்கு, கைக்கண்ணாடி ஒன்று, இவை போதும்.

முதலில், நடந்திருப்பது என்ன என்று பாருங்கள்

பின்தலையில், இரண்டு காதுகளுக்கும் நடுவில், சீப்பு முனையால் ஒரு கோடு பிரித்து, யாரையாவது கைபேசியில் படம் எடுக்கச் சொல்லுங்கள். உச்சியில் இருக்கும் வகிட்டையும் அதே தூரத்தில் எடுக்கச் சொல்லுங்கள். பின்தலைக் கோடு நூல் போலவும், உச்சி வகிடு அதைவிடத் தெளிவாக அகலமாகவும் தெரிந்தால், அங்கே முடி மெலிந்திருக்கிறது. இரண்டும் ஒரே அளவில் இருந்தால் பெரும்பாலும் உங்கள் முடி இயல்பிலேயே அப்படித்தான். அல்லது எண்ணெயோ வியர்வையோ முடியைக் கற்றை கற்றையாக ஒட்டவைத்துத் தோலைக் காட்டலாம்.

பெண்களுக்கு வயதோடும் பரம்பரையோடும் வரும் மெலிவில் பெரும்பாலும் முன் நெற்றியோரத்து முடி நின்றுவிடும். அதற்குப் பின்னால், உச்சிப் பகுதியில்தான் ஒவ்வொரு முடியும் வர வர மெல்லியதாக முளைக்கும். அண்ணிக்கும் அப்படித்தான். நெற்றியிலிருந்து ஒரு சென்டிமீட்டர் வரை வகிடு ஒடுக்கமாக இருந்தது. அதற்குப் பிறகு விரிந்து, மூன்று தீக்குச்சிகளைப் பக்கத்தில் பக்கத்தில் அடுக்கிய அகலத்துக்கு வந்து, உச்சிச் சுழிக்கு முன்னால் மறுபடி ஒடுங்கியது.

அந்த முதல் ஒரு சென்டிமீட்டர்தான் நமக்குக் கிடைத்த வரம். குங்குமம் வைக்கும் இடமும் அதுதான். அதை அப்படியே விட்டுவிட்டு, அதற்குப் பின்னால் வகிட்டைத் திருப்பினால் போதும்.

முடியைத் தயார் செய்தல்

தலைக்குக் குளித்த அன்று செய்யுங்கள். அன்று உச்சியில் எண்ணெய் வேண்டாம். தேங்காய் எண்ணெய் வைத்தே ஆகவேண்டும் என்பவர்கள் காதுக்குக் கீழே உள்ள முடிக்கு மட்டும் வையுங்கள். கண்டிஷனரும் அப்படியே. மெல்லிய முடியின் வேரில் வழவழப்பு ஏறினால் அது படுத்துக்கொள்ளும், தோல் வெளியே தெரியும்.

துண்டால் தேய்க்காமல் அழுத்தி ஈரத்தை எடுங்கள். முடி முக்கால்வாசி காய்ந்ததும், வகிடே எடுக்காமல், உச்சி முடி முழுவதையும் இடப்பக்கம் தள்ளி வேரில் காற்றுக் காட்டுங்கள். பிறகு எல்லாவற்றையும் வலப்பக்கம் தள்ளிக் காட்டுங்கள். ஹேர் டிரையர் என்றால் மிதமான சூடு, ஒரு சாண் தூரம். மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து கையால் தள்ளிக் கொடுத்தாலும் நடக்கும், நேரம் மட்டும் கூடும். முப்பது வருஷமாக இரண்டு பக்கமும் படிந்தே பழகிய வேர்கள் இப்படி மாறி மாறித் தள்ளும்போதுதான் எழுந்து நிற்கின்றன. இதைச் செய்யாமல் நேராகச் சீப்பை எடுத்தவர்களுக்குப் புது வகிட்டுக்குப் பக்கத்திலேயே பழைய வகிடும் திறந்துகொண்டு, இரண்டு கோடுகளாகத் தெரியும்.

வகிடு எடுத்தல்

எந்தப் பக்கம் திருப்புவது? முடியைப் பின்னோக்கி வாரி, உள்ளங்கையால் உச்சியிலிருந்து மெதுவாக முன்னே தள்ளுங்கள். முடி தானாக எந்தப் பக்கம் சற்று விலகிப் பிரிகிறதோ, முதன்முறை செய்பவர்கள் அந்தப் பக்கமே எடுங்கள். எதிர்ப்பக்கம் எடுத்தால் முடி இன்னும் உயர்ந்து நிற்கும் என்பது உண்மைதான். ஆனால் நம் ஊர் ஈரக்காற்றில் பத்து மணிக்கெல்லாம் அது பழைய இடத்துக்குத் திரும்பிவிடும். அண்ணிக்கு இடப்பக்கம் பிரிந்தது.

சீப்பின் முனையை நெற்றி நடுவில், வழக்கமான இடத்தில் வையுங்கள். ஒரு சென்டிமீட்டர் நேராகப் பின்னே செல்லுங்கள். அங்கிருந்து இடப்பக்கமாகச் சரிந்து, இடது புருவ வளைவின் உச்சிக்கு நேராக வரும் வரை கோட்டை இழுங்கள். கோட்டின் மொத்த நீளம் ஆறு சென்டிமீட்டரைத் தாண்டக் கூடாது. அங்கேயே நிறுத்திவிடுங்கள், அதற்குப் பின்னால் உள்ள முடிக்கு வகிடே வேண்டாம், நேராகப் பின்னே வாருங்கள். நம்மில் பலர் சுழி வரைக்கும், சிலர் பிடரி வரைக்கும் கோடு இழுத்துப் பழகியவர்கள். மேலிருந்து பார்ப்பவர் கண்ணுக்குத் தோலைக் காட்டுவதே அந்த நீளக் கோடுதான்.

இப்போது நடப்பதைக் கண்ணாடியில் கவனியுங்கள். பழைய நடுக்கோட்டுக்கும் புதுக் கோட்டுக்கும் இடையில், முனை கூராகவும் பின்பக்கம் அகலமாகவும் ஒரு துண்டு முடி இருக்கிறது. இதுவரை இடப்பக்கம் விழுந்துகொண்டிருந்த முடி இது. இதை வலப்பக்கம் புரட்டினால் பழைய வகிட்டின் மேல் கூரை வேய்ந்தது போல் படுத்துவிடும். மறைப்பு முழுவதும் இந்தத் துண்டில்தான் இருக்கிறது. ஆகவே அதை அழுத்தி வாராதீர்கள். விரலால் புரட்டி, சீப்பின் பல்லால் மேல்தோற்றத்தை மட்டும் தடவிவிடுங்கள்.

மூடுகிறதே என்று புருவத்தின் வெளிமுனை வரை வகிட்டை இறக்க ஆசை வரும். வேண்டாம். அத்தனை கீழிருந்து வரும் முடி பாரத்தால் நடுவில் பிளந்துகொள்ளும், காதோரத்து மெல்லிய முடியும் வெளியே தெரியும். காற்று ஒரு முறை அடித்தால் மொத்தமும் தூக்கிக்கொள்ளும்.

கோட்டை உடைத்தல்

சரிந்த கோடு என்றாலும் அது நேர்கோடுதான், அதன் வழியே தோல் தெரியத்தான் செய்யும். சீப்பு முனையைக் கோட்டின் மேல் வைத்து, அரை சென்டிமீட்டர் வலம், அரை சென்டிமீட்டர் இடம் என்று மூன்று நான்கு முறை வளைத்துக்கொண்டே பின்னே செல்லுங்கள். ஒவ்வொரு வளைவிலும் கொஞ்சம் முடி எதிர்ப்பக்கம் தாவிக் கோட்டின் குறுக்கே விழும். குங்குமத்துக்கான முதல் ஒரு சென்டிமீட்டரை மட்டும் தொடாதீர்கள். வளைவுகள் ஒரே அளவில் இருக்கவே கூடாது. கோலப்பொடியில் போட்டது போல் வரிசையாக வந்தால், மறைப்பதற்குச் செய்தது என்று பார்த்ததுமே தெரிந்துவிடும்.

புரட்டிய முடியின் வேரில் விரல்நுனியால் துளி நீர் தொட்டு, வலப்பக்கமாக இரண்டு கிளிப்பும், அதற்குப் பின்னால் இரண்டு கிளிப்பும் போட்டு, நன்றாகக் காயும் வரை விட்டுவிடுங்கள். நனைந்த முடி எந்த நிலையில் காய்கிறதோ அந்த நிலையைப் பிடித்துக்கொள்ளும். மறுபடி ஈரம் பட்டால் விட்டுவிடும். அதனால்தான் இங்கே சூட்டை மட்டும் நம்பிச் செய்த அலங்காரம் நிற்பதில்லை. முடி ஒன்றன்மேல் ஒன்று குறுக்காகப் படுத்திருப்பதுதான் வியர்த்த பிறகும் மறைக்கும். முதல் சில நாள் பழைய வகிடு மதியத்துக்குள் எட்டிப் பார்க்கும். அண்ணி தினமும் காலையில் காபி போடும் நேரத்துக்குக் கிளிப் போட்டு வைத்தார். மூன்றாவது வாரத்தில் கிளிப் இல்லாமலே முடி நின்றது.

கொண்டையும் பூவும்

இவ்வளவையும் செய்துவிட்டு இழுத்து இறுக்கிக் கொண்டை போட்டால் எல்லாம் பாழ். பின்னே இழுக்கும்போது புரட்டிய முடி தலையோடு படிந்து, பழைய வகிடு திறந்துகொள்ளும். நாள்தோறும் இறுக்கிக் கட்டுவது வேரையே இழுத்து முடியை உதிரவும் வைக்கும். கொண்டையைப் பிடரியில் தாழ்வாகப் போடுங்கள். போட்ட பிறகு ஒரு கையால் அதைப் பிடித்துக்கொண்டு, மறுகை விரல்நுனியால் உச்சி முடியை ஒரு விரல் உயரத்துக்கு மெல்ல இழுத்துத் தளர்த்துங்கள். மல்லிகைச் சரத்தைக் கொண்டையில் ஊசி குத்தி நிறுத்துங்கள், உச்சி முடியில் தொங்கவிடாதீர்கள்.

கண்ணாடியில் முகத்தை மட்டும் பார்த்துவிட்டுக் கிளம்பாதீர்கள். கூடத்து விளக்குக்கு நேர் கீழே நின்று, தலையைக் குனிந்து, மேலிருந்து ஒரு படம் எடுக்கச் சொல்லுங்கள். மற்றவர் பார்ப்பது அந்தக் கோணத்தில்தான்.

இது எதுவரைக்கும் உதவும்

மறைப்பு முடியை முளைக்கவைக்காது. புரட்டும் துண்டிலேயே தோல் தெரிகிற அளவுக்கு மெலிந்திருந்தால் இந்த முறை போதாது. வகிடு சில மாதங்களில் வேகமாக அகன்றாலோ, வட்ட வட்டமாக முடி போனாலோ, தோலில் எரிச்சல், செதில், வலி இருந்தாலோ சீப்பை வைத்துவிட்டு மருத்துவரிடம் செல்லுங்கள். இரும்புச் சத்துக் குறைவும் தைராய்டும்கூட முடியை உதிர்க்கும், அவற்றை இரத்தப் பரிசோதனையில் கண்டுபிடிக்கலாம். பரம்பரை மெலிவுக்கும் தலையில் தடவும் மினோக்சிடில் போன்ற மருந்துகள் இருக்கின்றன. சீக்கிரம் தொடங்கினால் இருப்பதைக் காப்பாற்ற வாய்ப்பு கூடும். அண்ணியை நான் முதலில் கிளினிக்குக்குத்தான் அழைத்துப்போனேன், வகிடு அதற்கு அடுத்த வாரம்தான்.

பினாங்கில் நடந்த திருமணத்துக்கு அண்ணியோடு நானும் சென்றேன். பட்டர்வொர்த்திலிருந்து ஃபெர்ரியில் கடல் காற்று அடித்ததில் புரட்டிய முடி கலைந்துவிட்டது. மண்டபத்துக் கழிப்பறைக் கண்ணாடி முன்னால் அவரே வால் சீப்பை எடுத்து, குங்குமத்துக்குப் பின்னாலிருந்து மூன்று வளைவு வளைத்து, விரலில் தண்ணீர் தொட்டு அழுத்திக்கொண்டார். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. பிறகு மேடைக்குப் போய், நன்றாகக் குனிந்தே அட்சதை தூவினார்.