காஸ்ட் வேறு, மிரரிங் வேறு: டிவியில் படம் பார்க்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

டிவியும் போனும் ஒரே வைஃபையில் இருக்க வேண்டும் என்பதை யாரும் சொல்லித் தரத் தேவையில்லை. அதில் தவறுகிறவர்கள் கொஞ்ச நேரத்தில் தாங்களே கண்டுபிடித்துவிடுகிறார்கள். நான் சொல்ல வருவது, எல்லாம் ஒழுங்காக இணைந்த பிறகு நடக்கிற தவறுகளை. புதிதாகத் தொடங்குகிறவர்கள், ஒருகாலத்தில் நானும்தான், அதே பள்ளத்தில் போய் விழுகிறோம்.

படம் பார்க்க முழுத் திரையையும் அனுப்புவது

அக்கா மகன் ஒருநாள் இரவு கூப்பிட்டான். "மாமா, டிவி போச்சு. சத்தம் வருது, படம் மட்டும் கறுப்பா இருக்கு." அதற்குள் எச்டிஎம்ஐ கேபிளை மாற்றி, டிவியை ரீசெட் செய்து, போதாததற்குப் புதிதாக ஒரு ஸ்ட்ரீமிங் ஸ்டிக்கும் வாங்கியிருந்தான். "எந்தப் பொத்தானை அழுத்தின?" என்று கேட்டேன். "மேலேருந்து இழுத்தா வருமே, அதைத்தான் மாமா."

கோளாறு அங்கேதான். ஆண்ட்ராய்டில் மேலிருந்து இழுத்தால் வரும் பட்டியலில் இருப்பது மிரரிங். சில போன்களில் அதற்கு Cast என்றும், சிலவற்றில் Smart View என்றும் பெயர் இருக்கும். பெயர் எதுவானாலும் அது போனின் திரையை அப்படியே டிவிக்கு அனுப்புகிறது. செயலிக்குள், வீடியோவின் மேல் ஓரத்தில், சிறு செவ்வகமும் அதன் மூலையில் மூன்று வளைவுக் கோடுகளுமாக ஒரு குறி இருக்கும். அதுதான் நிஜமான காஸ்ட்.

செயலியில் காஸ்ட் செய்யும்போது போன் படத்தை அனுப்புவதே இல்லை. எந்த வீடியோ, எந்த நொடியிலிருந்து, யாருடைய கணக்கு என்ற சின்னத் தகவலை மட்டும் டிவியிடம் சொல்கிறது. டிவி தானே இணையத்திலிருந்து வீடியோவை இறக்கி ஓட்டுகிறது. அதற்குப் பிறகு போன் ஒரு ரிமோட், அவ்வளவுதான்.

மிரரிங்கில் போன் வீடியோவை இறக்கித் திரையில் காட்டி, அந்தத் திரையை மறுபடி வீடியோவாகச் சுருக்கி, ரவுட்டர் வழியாக டிவிக்கு அனுப்புகிறது. ரவுட்டரிலிருந்து போனுக்கு, போனிலிருந்து ரவுட்டருக்கு, அங்கிருந்து டிவிக்கு என்று ஒரே படம் வைஃபையில் மூன்று தடவை பயணம் போகிறது. சில மிரரிங் முறைகள் ரவுட்டரை விட்டுவிட்டு டிவியோடு நேராக இணையும். அப்போதும் இரண்டாவது முறை சுருக்குகிற வேலை போனின் தலையில்தான். படம் திக்குவதும், போன் சுடுவதும், சார்ஜ் கரைவதும் இதனால்தான். நடுவில் வருகிற குறுஞ்செய்திகளையும் வீடே படிக்கும்.

கறுப்புத் திரைக்குக் காரணம் வேறு. கட்டணப் படச் செயலிகள் பல, தங்கள் திரையை யாரும் பதிவு செய்யக்கூடாது என்று போனுக்குச் சொல்லிவைத்திருக்கின்றன. மிரரிங்கும் ஒருவகைப் பதிவுதான், அதனால் படத்தை மறைத்துவிட்டுச் சத்தத்தை மட்டும் விடுகிறது. படம் ஓடும்போது ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்துப் பாருங்கள். அது கறுப்பாக வந்தால் டிவியிலும் பெரும்பாலும் கறுப்புதான். புது ஸ்டிக் வாங்கினாலும் அது மாறாது.

எதில் இருக்கிறோம் என்று சந்தேகம் வந்தால் போனைப் பூட்டுங்கள். டிவியில் படம் தொடர்ந்தால் காஸ்ட், நின்றால் மிரரிங். போனில் சேமித்த கோப்பை வி.எல்.சி. போன்ற செயலியிலிருந்து காஸ்ட் செய்தால் மட்டும் இந்தச் சோதனையை அப்படியே நம்ப வேண்டாம். அங்கே டிவி கோப்பைப் போனிலிருந்தே எடுப்பதால், போன் தூங்கினால் படம் நிற்கலாம்.

சில செயலிகளில் அந்தக் குறியே இருக்காது. அப்போது மிரரிங்கோடு மல்லுக்கட்டாமல், டிவியிலேயே அந்தச் செயலியை நிறுவிவிடுவது நல்லது. அக்கா மகன் குறியைத் தொட்டதும் படம் வந்துவிட்டது. ஸ்டிக் இன்னும் பிரிக்காத பெட்டியில் கிடக்கிறது.

மிரரிங் வேண்டிய இடத்தில் காஸ்ட் தேடுவது

விளையாட்டு, வங்கி அல்லாத சாதாரணச் செயலியின் செய்முறை, போனின் அமைப்புகளை ஒருவருக்குக் காட்டுவது: இவற்றுக்கு மிரரிங்தான். தொடுவதற்கும் டிவியில் தெரிவதற்கும் இடையே சற்றுத் தாமதம் இருக்கும். வேகமான விளையாட்டுக்கு அது ஒத்துவராது.

ஹாட்ஸ்பாட்டில் காஸ்ட் செய்துவிட்டு டேட்டாவை மறப்பது

போனில் டேட்டா சேமிப்பை வைத்திருக்கிறோமே என்று நிம்மதியாக இருப்பவர்கள் கவனிக்க. காஸ்ட் செய்ததும் வீடியோவை இறக்குவது டிவி, தரத்தைத் தீர்மானிப்பதும் அதன் திரையும் இணைய வேகமும்தான். போன் செயலியில் போட்ட கட்டுப்பாடு பெரும்பாலும் அங்கே செல்லாது. எச்டி தரம் என்றால் ஒரு மணி நேரத்துக்கு 3 ஜிபி வரை போகலாம், அல்ட்ரா எச்டி என்றால் 7 ஜிபி வரை. ஹாட்ஸ்பாட் உங்கள் போனில் இருந்தால் அந்தக் கணக்கும் உங்கள் பெயரில்தான். டிவியின் செயலியிலோ கணக்கின் அமைப்புகளிலோ தரத்தைக் குறைத்துவிட்டு ஆரம்பியுங்கள்.

செயலியை மூடினால் டிவியும் நிற்கும் என்று நினைப்பது

நிற்காது. காஸ்ட் குறியை மறுபடி தொட்டுத் துண்டியுங்கள்.