பாடுபவரின் குரல் மட்டும் காணாமல் போனால்: அறுந்த ஹெட்போன் வயருக்குப் புதிய பின் வைப்பது எப்படி

என் ஹெட்போனில் ஒருநாள் விநோதமான கோளாறு வந்தது. பாட்டு ஓடியது, வயலின் கேட்டது, எதிரொலி கேட்டது, பாடுபவர் மட்டும் எங்கோ பக்கத்து வீட்டில் இருப்பதுபோல் ஒலித்தார். போனில் செருகும் பின்னை ஒட்டிய வயரைச் சற்று வளைத்தால் திரும்பி வந்தார், விட்டால் மறுபடி போய்விட்டார். ஒரு காது மட்டும் கேட்காமல் போவது எல்லோருக்கும் பழக்கம். இது வேறு மாதிரி. இது ஏன் நடக்கிறது என்று புரிந்தால், பின்னுக்குள் எந்த வயர் எங்கே போகவேண்டும் என்பதும் கூடவே புரிந்துவிடும்.

பின்னின் மூன்று பாகங்கள்

ஹெட்போன் பின்னைக் கையில் எடுத்துப் பாருங்கள். உலோகத் தண்டின் மேல் இரண்டு கறுப்புக் கோடுகள் இருக்கும். அவை மின்சாரம் கடக்காத பிளாஸ்டிக் வளையங்கள். அவை தண்டை மூன்றாகப் பிரிக்கின்றன. நுனியில் இருப்பது டிப், நடுவில் இருக்கும் சிறு பகுதி ரிங், வயர் பக்கம் நீளமாக இருப்பது ஸ்லீவ். டிப் இடது காதுக்கு, ரிங் வலது காதுக்கு, ஸ்லீவ் இரண்டுக்கும் பொதுவான கிரவுண்ட். பழைய தொலைபேசி நிலையங்களில் ஆபரேட்டர்கள் பலகையில் செருகி எடுத்த பெரிய பின்னிலிருந்து வந்த பெயர்கள் இவை. வீட்டுத் தொலைபேசிக் கம்பிகள் இரண்டையும் டிப், ரிங் என்று அழைக்கும் வழக்கமும் அங்கிருந்து வந்ததுதான். இன்று நாம் செருகும் 3.5 மி.மீ. பின் அந்தப் பெரிய பின்னின் பேரப்பிள்ளை.

இரண்டு காதுக்கும் போன மின்சாரம் ஸ்லீவ் வழியாகத்தான் திரும்புகிறது. அந்தக் கிரவுண்ட் வயர் அறுந்தால் திரும்பும் வழி அடைபட்டு, இரண்டு ஸ்பீக்கர்களும் டிப்புக்கும் ரிங்குக்கும் இடையே ஒன்றன்பின் ஒன்றாகத் தொடராகிவிடும். அப்போது காதில் விழுவது இடதுக்கும் வலதுக்கும் உள்ள வித்தியாசம் மட்டுமே. பாடுபவரின் குரலைப் பெரும்பாலும் இரண்டு பக்கமும் சமமாகத்தான் பதிவு செய்வார்கள். சமமானதைக் கழித்தால் மிச்சம் ஏது? அதனால்தான் அவர் போனார், பக்கவாத்தியம் மிஞ்சியது.

வெட்டுவதற்கு முன் அளந்து பாருங்கள்

மல்டிமீட்டரை 200 ஓம் அளவில் வைத்து, ஒரு முனையை ஸ்லீவிலும் மற்றொன்றை டிப்பிலும் தொடுங்கள். நல்ல ஹெட்போனில் பெரும்பாலும் 16 அல்லது 32 ஓமை ஒட்டி ஓர் எண் வரும், தொடும்போது இடது காதில் 'டிக்' என்று சிறு சத்தமும் கேட்கும். ஸ்லீவையும் ரிங்கையும் தொட்டால் வலது காதில் அதே சத்தம். டிப்பையும் ரிங்கையும் தொட்டால் ஏறக்குறைய இரட்டிப்பு எண் வரவேண்டும்.

என்னுடையதில் டிப்–ஸ்லீவ் எதுவும் காட்டவில்லை. ரிங்–ஸ்லீவும் காட்டவில்லை. டிப்–ரிங் மட்டும் 68 காட்டியது. இடதும் வலதும் நலம், கிரவுண்ட்தான் அறுந்திருக்கிறது. உங்களுடையதில் டிப் சம்பந்தப்பட்ட இரண்டு அளவும் வராமல் ரிங்–ஸ்லீவ் மட்டும் வந்தால் இடது வயர் போயிருக்கிறது என்று பொருள்.

மல்டிமீட்டரைப் பார்த்துக்கொண்டே வயரைப் பின் அருகே வளையுங்கள். எண் தாவினால் உடைப்பு அங்கேதான். தாவாமல், காதுப் பக்கம் வளைக்கும்போது தாவினால் புதிய பின் உதவாது, அங்கே பிரிக்கவேண்டியிருக்கும்.

வார்த்து ஒட்டிய ரப்பர் பின்னைத் திறந்து சரிசெய்ய முடியாது. பின்னிலிருந்து 4 செ.மீ. தள்ளி வயரை வெட்டிவிடுங்கள். வெட்டிய துண்டை எறியவேண்டாம். கடையில் மூடி திருகிக் கழற்றும் வகையிலான 3.5 மி.மீ. ஸ்டீரியோ பின் கேளுங்கள். பழைய பின்னில் மூன்று கறுப்புக் கோடுகள் இருந்தால் அது மைக் உள்ள நான்கு பாகப் பின். அதற்கும் மூன்று பாகப் பின் வைக்கலாம், பாட்டு கேட்கும், மைக் மட்டும் வேலை செய்யாது.

இந்த வயரின் சூட்சுமம்

வெளித்தோலை 15 மி.மீ. அளவுக்கு மெதுவாகச் சீவுங்கள். உள்ளே சாதாரண வயர் இருக்கும் என்று எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான். தலைமுடி போன்ற செம்புக் கம்பிகள் சிவப்பு, பச்சை, பொன் நிறங்களில், நூலோடு நூலாகப் பின்னி இருக்கும். அந்த நிறம் வண்ணமல்ல, கம்பியின் மேல் பூசிய இன்சுலேஷன். அதன் மேல் ஈயம் ஒட்டாது. முதல்முறை செய்பவர்கள் பெரும்பாலும் இங்கேதான் தோற்கிறார்கள். ஈயம் உருண்டையாகக் கம்பியைச் சுற்றி நின்றுவிடும், பார்க்க ஒட்டியதுபோல் இருக்கும், மல்டிமீட்டர் ஒன்றும் காட்டாது.

முதலில் நூலைப் பிரித்து ஓரமாக ஒதுக்குங்கள், பிறகு உதவும். ஒவ்வொரு நிறத்தையும் தனித்தனியாக முறுக்குங்கள். பொன் நிறம் இரண்டு கட்டாக வந்தால் இரண்டுமே கிரவுண்ட், சேர்த்து முறுக்கலாம்.

சால்டரிங் அயர்னின் நுனியில் ஒரு மிளகளவு ஈயத்தை உருக்கி நிறுத்துங்கள். 25 வாட் அயர்ன் போதும், சூட்டை அமைக்க முடிந்தால் 350 டிகிரி. கம்பியின் கடைசி 3 மி.மீ. பகுதியை அந்தத் துளிக்குள் நுழைத்து அசையாமல் பிடியுங்கள். முதல் இரண்டு விநாடி எதுவும் நடக்காது. பிறகு மெல்லிய புகை எழும், துளியில் சிறு குமிழி விடும், நிறம் கருகி விலகி, கம்பி நுனியிலிருந்து மேல்நோக்கி வெள்ளி நிறம் ஏறும். அதுதான் அடையாளம். ஜன்னலைத் திறந்துவைத்துச் செய்யுங்கள், அந்தப் புகை மூக்குக்கு நல்லதல்ல. ஐந்து விநாடியிலும் வெள்ளியாகவில்லை என்றால், பிளேடின் முனையால் லேசாகச் சுரண்டிவிட்டு மறுபடி முயலுங்கள்.

தீக்குச்சியால் கொளுத்திவிடு என்று பலரும் சொல்வார்கள். நான் செய்வதில்லை. செம்பு கருத்து ஈயம் பிடிக்க மறுக்கும், கம்பி உடையும் பதத்துக்கு வந்துவிடும், ஒதுக்கிவைத்த நூலும் போய்விடும்.

இப்போது நிறங்களை அளந்து உறுதிசெய்யுங்கள். வழக்கமாகச் சிவப்பு வலது, பச்சை அல்லது நீலம் இடது, பொன் கிரவுண்ட். ஆனால் எல்லாத் தயாரிப்பாளர்களும் இதைப் பின்பற்றுவதில்லை. என்னுடையதில் பொன்–சிவப்பு 34, பொன்–பச்சை 34, சிவப்பு–பச்சை 68. இரண்டு அளவிலும் பாதி காட்டும் கம்பிதான் கிரவுண்ட். எந்தக் காதில் 'டிக்' கேட்கிறது என்பது இடதையும் வலதையும் சொல்லிவிடும். இங்கேயும் ஒரு கம்பி செத்தே இருந்தால், உடைப்பு வெட்டிய துண்டில் இல்லை, இன்னும் சற்று மேலே வெட்டவேண்டும்.

மல்டிமீட்டர் இல்லையென்றால் 1.5 வோல்ட் பேட்டரியால் கம்பிகளை ஒரு நொடி தொட்டுப் பார்க்கலாம். காதில் மாட்டிக்கொண்டு மட்டும் செய்யாதீர்கள், சத்தம் அறைந்ததுபோல் இருக்கும்.

பின்னில் ஈயம் வைப்பது

ஈயம் வைக்கும் முன் பின்னின் மூடியையும், உள்ளே வரும் சின்ன பிளாஸ்டிக் குழாயையும் வயரில் கோத்துவிடுங்கள். மூடியின் வாய் எந்தப் பக்கம் பார்க்கிறது என்றும் கவனியுங்கள். இதை மறந்து மூன்று இணைப்பையும் அழகாக முடித்துவிட்டு, மேசையில் மூடி என்னைப் பார்த்துக்கொண்டிருந்த நாள்கள் எனக்கு உண்டு.

மூடியைக் கழற்றிய பின்னில் இரண்டு குட்டை நாக்குகளும் ஒரு நீண்ட நாக்கும் தெரியும். நீண்டதன் கடைசியில் வயரைப் பிடிக்கும் கொக்கிகள் இருக்கும், அது ஸ்லீவ். குட்டை நாக்குகளில் டிப் எது, ரிங் எது என்பது பின்னுக்குப் பின் மாறும். மல்டிமீட்டரின் ஒரு முனையை நாக்கிலும் மற்றொன்றைப் பின் நுனியிலும் வைத்துப் பார்த்துவிடுங்கள்.

பின் உருளாமலிருக்க அதைப் பயனற்ற ஒரு பழைய சாக்கெட்டில் செருகிவைப்பேன். இதில் இன்னொரு லாபமும் உண்டு. நாக்குகளைத் தாங்கி நிற்பது வெறும் பிளாஸ்டிக். அதிகம் சூடானால் அது இளகி, நாக்கு சாய்ந்து, டிப்பும் ஸ்லீவும் உள்ளே ஒட்டிக்கொள்ளும். சாக்கெட்டில் இருக்கும்போது பாகங்கள் இடம் மாறாது, சூட்டையும் சாக்கெட் கொஞ்சம் வாங்கிக்கொள்ளும்.

பளபளப்பான நாக்கில் ஈயம் நழுவும். ஊசியால் லேசாகக் கீறி, ஒவ்வொன்றிலும் முதலில் சிறிது ஈயம் பூசுங்கள். பிறகு பச்சைக் கம்பியை டிப் நாக்கில் வைத்து, அயர்னால் இரண்டு விநாடி தொட்டு எடுங்கள். இரண்டு பக்க ஈயமும் சேர்ந்து உருகியதும் அயர்னை விலக்கி, கம்பியை ஆடாமல் பிடித்திருங்கள். அடுத்துச் சிவப்பை ரிங்கில். கடைசியாகப் பொன்னை நீண்ட நாக்கில். அது பெரிய உலோகம், நான்கைந்து விநாடி ஆகும். ஒட்டிய இடம் வழவழப்பாக நாக்கோடு படிந்திருக்கவேண்டும். உருண்டையாக நின்றால் மறுபடி சூடாக்குங்கள்.

ஒதுக்கிவைத்த நூலைக் கொக்கியில் இரண்டு சுற்றுச் சுற்றி முடிச்சிடுங்கள். பிறகு குறடால் கொக்கியை வெளித்தோலின் மேல் நெளியுங்கள். கம்பிகள் கொக்கிக்குள் சிறிது தளர்வாக இருக்கவேண்டும். இழுத்தால் இழுவை நூலுக்கும் தோலுக்கும் போகட்டும், ஈயத்துக்குப் போகக்கூடாது. மிகவும் நசுக்கினால் கொக்கி தோலைக் கிழித்துக் கம்பியைத் தொட்டு ஷார்ட் ஆக்கும்.

மூடும் முன் அதே மூன்று அளவுகளை எடுங்கள். டிப்–ஸ்லீவ் பூஜ்யத்தை ஒட்டிக் காட்டினால் எங்கோ ஒரு கம்பி இழை நாக்கு தாண்டித் தொடுகிறது, அதை வைத்துப் போனில் செருகவேண்டாம். டிப்–ரிங் பூஜ்யம் காட்டினால் இரண்டு காதிலும் ஒரே சத்தம் கேட்கும், ஸ்டீரியோ போய்விடும். எனக்கு 34, 34, 68 வந்தது. வளைத்தும் எண் அசையவில்லை. குழாயை இறக்கி மூடியைத் திருகினேன். குழாய் இல்லாமல் உலோக மூடியைத் திருகினால் நாக்குகள் மூடியில் படும்.

வெட்டிய பழைய துண்டை அன்று மாலை பிளேடால் நீளவாக்கில் பிளந்து பார்த்தேன். கடினமான ரப்பர் முடிந்து வயர் வளையத் தொடங்கும் அதே இடத்தில், தோல் கொஞ்சமும் கிழியாமல், பொன் நிறக் கம்பிகள் மட்டும் நேர்கோட்டில் அறுந்திருந்தன.