தயிர் கடையும்போது செய்யக் கூடாத தவறுகள்

கடைந்த மோரைக் குடித்தபின் உதட்டிலும் அண்ணத்திலும் எண்ணெய்ப் பிசுக்கு ஒட்டினால், வெண்ணெய் முழுசாகப் பிரியவில்லை என்று பொருள். பெரும்பாலும் காரணம் சூடுதான். தயிரும் தண்ணீரும் சேர்ந்து 18 முதல் 20 டிகிரி செல்சியஸ் இருந்தால் வெண்ணெய் நன்றாகத் திரளும். அதைவிடச் சூடு ஏறினால் கொழுப்பு இளகி மோரோடு குழம்பிவிடும். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்ததும் கடைந்தால் கொழுப்பு கல்லாக இருக்கும். எவ்வளவு கடைந்தாலும் நுரைதான் மிஞ்சும்.

அரை லிட்டர் ஆடைத் தயிரை எடுத்துக்கொள்வோம். முதலில் தண்ணீர் விடாமல் கட்டியில்லாமல் மத்தால் உடைத்துவிட்டு, பிறகு 150 மில்லி குளிர்ந்த தண்ணீர் விட்டுக் கடைய வேண்டும். முதலிலேயே ஒரு லிட்டர் தண்ணீரைக் கொட்டினால் கொழுப்புத் துளிகள் விலகிப் போய், ஒன்றோடொன்று மோதி ஒட்டுவது தாமதமாகும். நுரை பொங்கி ஏறும், பிறகு திடீரென்று அடங்கும். மத்தின் ஓசை கனக்கும், மேலே ரவை ரவையாக மஞ்சள் மணிகள் தெரியும். அந்த இடத்தில் வேகத்தைக் குறைக்க வேண்டும். இரண்டு ஐஸ் கட்டிகளைப் போட்டு மெல்லச் சுழற்றினால் மணிகள் உருண்டையாகச் சேரும். மிக்ஸியில் செய்பவர்கள் தவறுவது இங்கேதான்: தொடர்ந்து ஓட்டினால் ஜார் சூடாகி, திரண்ட வெண்ணெய் மறுபடி கரைந்துவிடும். சில விநாடிகள் ஓட்டி, நிறுத்திப் பார்ப்பதே சரி.

ஹோமோஜினைஸ்டு பாலில் உறைந்த தயிரோடு மல்லுக்கட்ட வேண்டாம். அதில் கொழுப்புத் துளிகளைப் பொடியாக உடைத்துவிடுவதால் அவற்றைப் பால்புரதம் போர்த்திக்கொள்கிறது. மோர் வரும், வெண்ணெய் வராது.

அடுத்த தவறு, கடைந்த மோரில் கல்ச்சர்டு பட்டர்மில்க்கின் ருசியைத் தேடுவது. கல்ச்சர்டு மோரைக் கடைவதே இல்லை. கொழுப்பு குறைத்த பாலில் தேர்ந்த உறையிட்டு, 20, 22 டிகிரியில் அரை நாளுக்கும் மேலாக வைத்து எடுக்கிறார்கள். அந்த மிதமான சூட்டில் வளரும் நுண்ணுயிர்கள் பாலிலுள்ள சிட்ரேட்டிலிருந்து டைஅசிட்டைல் என்ற பொருளை உண்டாக்கும். வெண்ணெய் வாசனை அதிலிருந்துதான். வெண்ணெயே எடுக்காத மோரில் வெண்ணெய் மணம்! தண்ணீர் சேர்க்காததால் அது கெட்டியாகவும் இருக்கும்.

வீட்டுத் தயிர் இன்னும் சூடான இடத்தில், சில மணி நேரத்தில் உறைகிறது. அதில் புளிப்பு முந்தும், அந்த வாசனை அவ்வளவாக இருக்காது. கடைந்து தண்ணீர் சேர்ப்பதால் புளிப்பும் இளகும். ஆனால் கொழுப்புத் துளிகளைப் போர்த்தியிருந்த சவ்வு கடையும்போது கிழிந்து மோரில் தங்கும். நீர்த்த மோரும் நாக்கில் மென்மையாக இறங்குவதற்கு அதுவும் ஒரு காரணம். மணம் கூடட்டும் என்று தயிரை இரண்டு நாள் வெளியே விட்டால் புளிப்புதான் ஏறும், டைஅசிட்டைல் வராது. அந்த ருசிதான் வேண்டுமென்றால் உறையை மாற்ற வேண்டும்.