பில் பணம் வரவில்லையா? மூன்று நினைவூட்டல்கள், மூன்று தொனிகள்

கெடு தாண்டிய பில்லுக்கு நினைவூட்டல் எழுதும்போது பொதுவாக இரண்டில் ஒன்று நடக்கிறது. ஒரே கெஞ்சல் மெயில் நான்கு முறை போகும். இல்லையென்றால் முதல் மெயிலிலேயே வக்கீல் வந்துவிடுவார். மெயிலுக்கு மெயில் கோபத்தைக் கூட்டிப் பயனில்லை, எதிராளிக்கு இருக்கும் இடத்தைக் குறைத்துக்கொண்டே வர வேண்டும். முதல் மெயிலில் ஒரு கேள்வி, இரண்டாவதில் ஒரு தேதி, மூன்றாவதில் தேதி தாண்டினால் என்ன நடக்கும் என்ற தகவல். இதில் கடைசி மெயில்தான் மிக வறட்சியாக இருக்க வேண்டும்.

ஒரு கணக்கை வைத்துக்கொண்டு போவோம். கோயம்புத்தூரில் தனியாகத் தொழில் செய்யும் ஒரு இன்டீரியர் டிசைனர், ஈரோட்டில் உள்ள ஒரு துணிக்கடைக்கு ஷோரூம் வரைபடங்கள் செய்துகொடுத்திருக்கிறார். ஜூன் 2இல் வரைபடங்கள் கைமாறின. ஜூன் 3 தேதியிட்ட பில் எண் 041. கட்டணம் 80,000 ரூபாய், 18% ஜிஎஸ்டி 14,400, மொத்தம் 94,400. எழுத்தில் ஒப்புக்கொண்டது 30 நாள், ஆகவே கெடு ஜூலை 3.

எழுதும் முன் சரிபார்க்க வேண்டியது

வரவேண்டிய தொகை 94,400 அல்ல. இந்த வகைக் கட்டணத்தில் வாடிக்கையாளர் 10% டிடிஎஸ் பிடிப்பார். அது ஜிஎஸ்டி சேர்க்காத 80,000 மீது 8,000. கைக்கு வரவேண்டியது 86,400. இந்த எண்ணைத்தான் மெயிலில் எழுத வேண்டும். 94,400 என்று கேட்டால் அக்கவுன்ட்ஸில் இருப்பவர் "இவருக்கே கணக்கு தெரியவில்லை" என்று ஓரமாக வைத்துவிடுவார்.

பில்லிங் மென்பொருள்களில் வரும் தானியங்கி நினைவூட்டலை அணைத்துவிடுங்கள். 86,400 வந்த பிறகும், டிடிஎஸ் பதிவு செய்யும்வரை அது 8,000 பாக்கி என்றே காட்டும். பணம் கொடுத்தவருக்கே மறுபடி நினைவூட்டல் போகும். பில் எண், தொகை, கெடு, அனுப்பிய மெயில்களின் தேதி, கிடைத்த பதில் என்று ஐந்து கட்டம் போட்ட ஒரு எக்செல் ஷீட் போதும்.

முதல் நினைவூட்டல்: கெடு முடிந்து நான்கைந்து நாளில்

கெடுவுக்கு மறுநாளே அனுப்ப வேண்டாம். வாரம் ஒரு நாள் மட்டும் பணம் அனுப்பும் நிறுவனங்கள் பல. பில் அனுப்பிய அதே மெயில் தொடரில் பதிலாக எழுதி, பில்லின் பிடிஎஃப்பை மறுபடி இணையுங்கள். "முன்பே அனுப்பியிருந்தேனே" என்று எழுதினால் தேடும் வேலை அவர் தலையில் விழுகிறது, பதில் தள்ளிப்போகிறது.

> பொருள்: பில் எண் 041, ரூ. 86,400: நிலவரம் அறிய
>
> வணக்கம் சார்,
>
> ஷோரூம் வரைபடங்களுக்கான பில் எண் 041இன் கெடு ஜூலை 3. டிடிஎஸ் போக ரூ. 86,400 இன்றுவரை எங்கள் கணக்கில் வரவில்லை. ஏற்கெனவே அனுப்பியிருந்தால் யூடிஆர் எண்ணைத் தெரிவியுங்கள், சரிபார்த்துக்கொள்கிறேன். இல்லையென்றால் எந்தத் தேதியில் எதிர்பார்க்கலாம் என்று சொல்ல முடியுமா? பில்லை மறுபடி இணைத்திருக்கிறேன்.
>
> நன்றி.

இதில் குற்றச்சாட்டு இல்லை, மன்னிப்பும் இல்லை. "தொந்தரவுக்கு மன்னிக்கவும்" என்ற வரியை எடுத்துவிடுங்கள். உங்கள் பணத்தைக் கேட்பது தொந்தரவு என்று நீங்களே எழுதிக்கொடுத்தால் அடுத்த மெயிலில் தொனியை உயர்த்த முடியாது. "கொஞ்சம் பார்த்துச் செய்யுங்கள்" என்று முடிப்பதும் வீண். அதற்குப் பதில் எழுத வேண்டிய அவசியமே அவருக்கு இல்லை. கேள்வியாக முடித்தால்தான் பதில் வரும்.

வங்கிக் கணக்கு மாறியிருந்தால் அதை நினைவூட்டல் மெயிலில் சொல்லாதீர்கள். "பாக்கி இருக்கிறது, புதிய கணக்குக்கு அனுப்புங்கள்" என்பது மோசடி மெயில்களின் வழக்கமான வாசகம். விவரம் தெரிந்த அக்கவுன்டன்ட் பணத்தை அங்கேயே நிறுத்திவிடுவார். முதலில் போனில் சொல்லி, திருத்திய பில்லைத் தனியாக அனுப்புங்கள்.

இரண்டாவது: பெரும்பாலானோர் தடுக்கி விழும் இடம்

முதல் மெயிலுக்குப் பிறகு இரண்டு வாரம் விடலாம். நடுவில் ஒரு போன் செய்யுங்கள். "அடுத்த வாரம் போட்டுடறேன் சார்" என்பார்கள். அந்தப் பேச்சு அப்படியே காற்றில் போகாமல், போனை வைத்ததும் இரண்டு வரி மெயில் அனுப்புங்கள்: "இன்று பேசியபடி பில் 041க்கான தொகையை அடுத்த வாரம் எதிர்பார்க்கிறேன்." இதை மறுத்து எழுத மாட்டார்கள். இரண்டாவது நினைவூட்டலை இந்த வரியின் மேல்தான் கட்டப்போகிறோம்.

இந்தக் கட்டத்தில் பலர் முதல் மெயிலையே "மென்மையான நினைவூட்டல்" என்ற தலைப்போடு மறுபடி அனுப்புகிறார்கள். மென்மை என்று நீங்களே சொன்னபின் அவருக்கு என்ன அவசரம்? வேறு சிலர் சட்டப் பிரிவு எண்ணை எழுதிவிடுகிறார்கள். அப்படிச் செய்தால் மெயில் அக்கவுன்ட்ஸை விட்டு முதலாளி மேசைக்குப் போய், பணம் தர நினைத்த ஆளும் "மேலே கேட்டுச் சொல்கிறேன்" என்று ஒதுங்கிக்கொள்வார்.

இரண்டாவது மெயில் இரண்டு வேலைகளைச் செய்ய வேண்டும். ஒன்று, நீங்கள் ஒரு தேதியை வைப்பது. முதல் மெயிலில் தேதியை அவரிடம் கேட்டோம், இப்போது நாம் சொல்கிறோம். இரண்டாவது, பணம் நிற்பதற்கு நிஜமான காரணம் இருந்தால் அதை வெளியே கொண்டுவருவது. பர்ச்சேஸ் ஆர்டர் எண் பில்லில் இல்லை, ஜிஎஸ்டி எண்ணில் ஓர் எழுத்து தவறு, வேலை முடிந்ததாகக் கடை மேனேஜர் கையெழுத்துப் போடவில்லை: பணம் நின்றுபோவது பெரும்பாலும் இப்படித்தான். யாரும் தானாக வந்து இதைச் சொல்ல மாட்டார்கள்.

> பொருள்: இரண்டாவது நினைவூட்டல்: பில் எண் 041, ரூ. 86,400, கெடு ஜூலை 3
>
> வணக்கம் சார்,
>
> ஜூலை 8 அன்று எழுதியிருந்தேன். 14ஆம் தேதி போனில் பேசியபோது ஒரு வாரத்தில் அனுப்புவதாகச் சொன்னீர்கள். ரூ. 86,400 இன்னும் வரவில்லை, கெடு முடிந்து 19 நாள் ஆகிறது.
>
> இந்தத் தொகையை ஜூலை 29க்குள் எதிர்பார்க்கிறேன். பில்லிலோ வேலையிலோ திருத்த வேண்டியது ஏதும் இருந்தால் ஜூலை 25க்குள் எழுத்தில் தெரிவியுங்கள், உடனே சரிசெய்து தருகிறேன். இரண்டாம் கட்ட வரைபடங்களை இந்தப் பில் முடிந்ததும் தொடங்குகிறேன்.

இது ஜூலை 22இல் போகும் மெயில். முந்தைய இரண்டு தொடர்புகளும் தேதியோடு வந்துவிட்டன. "சொல்ல முடியுமா" என்ற கேள்வி "எதிர்பார்க்கிறேன்" ஆகிவிட்டது. "பலமுறை கேட்டும்", "மிகுந்த வருத்தத்துடன்" போன்றவை தேவையில்லை, தேதிகளே அதைச் சொல்லிவிடுகின்றன. அடுத்த வேலையை நிறுத்தும் வரி கடைசியில், அடைமொழி இல்லாமல் வருகிறது. உண்மையிலேயே நிறுத்தப்போகிறீர்கள் என்றால் மட்டும் அதை எழுதுங்கள். எழுதிவிட்டு மறுவாரம் வரைபடம் அனுப்பினால் மூன்றாவது மெயிலை யாரும் மதிக்க மாட்டார்கள்.

இதை அக்கவுன்ட்ஸுக்கும், வேலை கொடுத்த மேனேஜருக்கும் சேர்த்து அனுப்புங்கள். முதலாளியை இப்போதே சேர்க்க வேண்டாம், அவர் மூன்றாவதற்கு.

"வேலையில் குறை இருந்தால் எழுத்தில் சொல்லுங்கள்" என்ற வரிக்கு இன்னொரு பயனும் உண்டு. 2006ஆம் ஆண்டின் எம்எஸ்எம்இ சட்டப்படி, வேலையை ஒப்படைத்து 15 நாளுக்குள் எழுத்தில் ஆட்சேபம் வரவில்லையென்றால் ஒப்படைத்த நாளிலேயே அது ஏற்கப்பட்டதாகக் கொள்ளப்படும். இரண்டு மாதம் கழித்து "டிசைன் சரியில்லை" என்று ஆரம்பிப்பவர்களுக்கு இது பதில்.

இறுதி நினைவூட்டல்

உத்யம் பதிவு உள்ள குறு, சிறு நிறுவனமாக இருந்தால் உங்கள் கையில் ஒரு பிடி இருக்கிறது. வெறும் வியாபாரிகளுக்கு, அதாவது வாங்கி விற்பவர்களுக்கு, இது பொருந்தாது. உற்பத்திக்கும் சேவைக்கும் பொருந்தும். வேலையை ஒப்புக்கொள்ளும் முன்பே பதிவு இருந்தால்தான் வாதத்துக்கு இடமிருக்காது. பணம் வரவில்லை என்று ஆனபிறகு ஓடிப்போய்ப் பதிவு செய்வது பலவீனமான நிலை.

எம்எஸ்எம்இ சட்டத்தின் 15ஆம் பிரிவுப்படி, எழுத்தில் ஒப்புக்கொண்ட கெடுவுக்குள் பணம் தர வேண்டும். அந்தக் கெடு 45 நாளைத் தாண்டக் கூடாது. எழுத்தில் எதுவும் இல்லையென்றால் 15 நாள்தான். தாண்டினால் 16ஆம் பிரிவு: ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப்போல மூன்று மடங்கு, மாதாமாதம் கூட்டு வட்டி. இது ரெப்போ விகிதம் அல்ல, குழப்பிக்கொள்ளாதீர்கள். அனுப்பும் நாளில் ரிசர்வ் வங்கி தளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். வங்கி விகிதம் 5.50% என்று வைத்தால் ஆண்டுக்கு 16.5%, மாதத்துக்கு 1.375%. 86,400க்கு முதல் மாத வட்டி 1,188 ரூபாய், இரண்டாவது மாதம் 1,204.

தொகை சிறியதுதான். ஆனால் வாடிக்கையாளரின் ஆடிட்டரை அசைப்பது வேறொன்று. 2023 நிதிச் சட்டத்தில் சேர்க்கப்பட்ட விதிப்படி, குறு, சிறு நிறுவனங்களுக்குக் கெடு தாண்டிய பாக்கியை உண்மையில் செலுத்திய ஆண்டில்தான் செலவாகக் காட்ட முடியும். மார்ச் 31 தாண்டிவிட்டால் அந்த ஆண்டின் லாபத்தில் அது சேர்ந்து வரி ஏறும். ஆகவே ஜனவரிக்குப் பிறகு அனுப்பும் இறுதிக் கடிதத்தில் இந்த விதியைக் குறிப்பிட்டால் எடை அதிகம்.

> பொருள்: இறுதி நினைவூட்டல்: பில் எண் 041, ரூ. 86,400
>
> மதிப்பிற்குரிய ஐயா,
>
> ஜூன் 2 அன்று ஒப்படைத்த வேலைக்கான மேற்படி பில்லின் கெடு ஜூலை 3 அன்று முடிந்தது. ஜூலை 8, 22 தேதிகளில் எழுதிய நினைவூட்டல்கள் இணைப்பில் உள்ளன. எழுத்தில் எந்த ஆட்சேபமும் வரவில்லை.
>
> எங்கள் நிறுவனம் உத்யம் பதிவு பெற்ற குறு நிறுவனம் (பதிவு எண் பில்லில் உள்ளது). எம்எஸ்எம்இ சட்டம் 16ஆம் பிரிவின்படி ஜூலை 4 முதல் வட்டி சேர்கிறது. ஆகஸ்ட் 3 வரை ரூ. 1,188.
>
> அசல் ரூ. 86,400 ஆகஸ்ட் 14க்குள் வந்தால் வட்டியைக் கோர மாட்டோம். வராவிட்டால், அசலையும் வட்டியையும் கோரி குறு, சிறு நிறுவனங்களுக்கான வசதியாக்க மன்றத்தில் விண்ணப்பிப்போம்.

ஆகஸ்ட் 4இல் அனுப்புவது இது. கெடு 14, ஏனென்றால் 15 விடுமுறை. விடுமுறையில் கெடு வைத்தால் ஒரு நாள் சாக்கு கிடைத்துவிடும். "சார்" இப்போது "ஐயா" ஆகிவிட்டார், மெயில் முதலாளியின் பெயருக்குப் போகிறது, புதிய தொடரில். கூடவே ஸ்பீட் போஸ்டில் பதிவு வசதியோடு ஒரு பிரதி. தனிப் பதிவுத் தபாலைத் தபால் துறை 2025 செப்டம்பரில் ஸ்பீட் போஸ்டோடு சேர்த்துவிட்டது, கவுன்டரில் டெலிவரிச் சான்றைக் கேட்டு வாங்குங்கள்.

"போலீசில் புகார்", "ஃபேஸ்புக்கில் போடுவேன்" என்றெல்லாம் எழுதாதீர்கள். நாளை மன்றத்தில் உங்கள் மெயிலைத்தான் எதிர்த்தரப்பு எடுத்து நீட்டும். மன்றம் விற்பவர் இருக்கும் இடத்தில் என்பது நல்ல செய்தி. வாடிக்கையாளர் இந்தியாவில் எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் உங்கள் ஊருக்குரிய மன்றத்தில் விண்ணப்பிக்கலாம்.

பின்சேர்க்கை: அடிக்கடி கேட்கப்படுபவை

வாட்ஸ்அப்பில் மட்டும் பேசும் வாடிக்கையாளர் என்றால் முதல் நினைவூட்டலை அங்கேயே அனுப்புங்கள், பதில் வேகமாக வரும். இரண்டாவதிலிருந்து மெயில், "மெயில் அனுப்பியிருக்கிறேன் சார்" என்று வாட்ஸ்அப்பில் ஒரு வரி. அவர் "அடுத்த மாசம் தர்றேன்" என்று எழுதியிருந்தால் அந்தச் செய்தியை அழியாமல் எடுத்துவையுங்கள். பணம் கோரும் வழக்குக்கு மூன்று ஆண்டுக் காலவரம்பு உண்டு. அதற்குள் கடனை எழுத்தில் ஒப்புக்கொண்டு கையெழுத்திட்டால் அந்த நாளிலிருந்து புதிதாக எண்ணலாம்.

பாதித் தொகை வந்தால் "நன்றி, கிடைத்தது" என்று மட்டும் எழுதாதீர்கள். "ரூ. 40,000 கிடைத்தது, மீதி ரூ. 46,400, கெடு மாறவில்லை" என்று எழுதுங்கள். இல்லையென்றால் அதோடு கணக்கு முடிந்தது என்பார்கள்.

செக் கொடுத்து அது பணமில்லாமல் திரும்பியிருந்தால் இந்த மூன்று படிகளும் வேண்டாம். வங்கியிடமிருந்து தகவல் வந்த 30 நாளுக்குள் எழுத்தில் நோட்டீஸ் போக வேண்டும், அது கிடைத்ததும் அவருக்குப் பணம் தர 15 நாள். முதலில் ஒரு மென்மையான மெயில், பிறகு இன்னொன்று என்று நாளைக் கடத்தினால் அந்த 30 நாள் முடிந்துவிடும். நேராக வக்கீலிடம் போங்கள்.