சோற்றை நிறுத்திய முதல் வாரம்: குமட்டல், வாய்நாற்றம், மலச்சிக்கல் ஏன் வருகின்றன?

நாளொன்றுக்கு 50 கிராமுக்கும் குறைவாக மாவுச்சத்து உண்ணும் கீட்டோ, பேலியோ போன்ற உணவுமுறைகளைத் தொடங்குவோரில் பலர், குமட்டலுக்கு ஒரு மாத்திரை, வாய்நாற்றத்துக்குப் புதினா மிட்டாய், மலச்சிக்கலுக்குப் பேதி மருந்து என்று மூன்றையும் மூன்று தனி நோய்களாகக் கருதி மருந்து தேடுகின்றனர். இதுவே முதல் தவறு. ஏனெனில் இம்மூன்றும் பெரும்பாலும் ஒரே மாற்றத்திலிருந்து கிளைப்பவை.

84 கிலோ எடையுள்ள ஒருவர் திங்கட்கிழமையன்று இட்லி, சோறு, பருப்பு, பழம் அனைத்தையும் ஒரே நாளில் நிறுத்திவிட்டு, காலையில் வெண்ணெய் கலந்த காபியும், மதியம் முட்டையும் பன்னீரும், இரவில் கோழிக்கறியுமாக உண்ணத் தொடங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். வெள்ளிக்கிழமைக்குள் அவருடைய எடை 2 கிலோ குறைந்திருக்கலாம். அது பெரும்பாலும் கொழுப்பன்று, தண்ணீர். கல்லீரலிலும் தசைகளிலும் கிளைக்கோஜன் என்னும் வடிவில் சேமிக்கப்பட்டுள்ள மாவுச்சத்தின் ஒவ்வொரு கிராமும் ஏறத்தாழ 3 கிராம் நீரைப் பிடித்து வைத்திருக்கிறது. அச்சேமிப்பு கரையும்போது அந்நீரும் வெளியேறுகிறது. அத்துடன் இரத்தத்தில் இன்சுலின் குறைவதால், அதுவரை சோடியத்தைத் தடுத்து நிறுத்திக்கொண்டிருந்த சிறுநீரகங்கள் அதைச் சிறுநீரில் தாராளமாக விடத் தொடங்குகின்றன.

நம் உணவில் உப்பு பெரும்பாலும் சாம்பார், ரசம், ஊறுகாய், அப்பளம் ஆகியவற்றின் வழியாகத்தான் வருகிறது என்பதை இங்கே நினைவில் கொள்ள வேண்டும். சோறு போனால் அவையும் போய்விடுகின்றன. ஆகவே, உடல் உப்பை இழக்கும் அதே வாரத்தில் உணவிலும் உப்பு குறைகிறது. எழுந்து நின்றால் தலைசுற்றலும், தலைவலியும், வயிற்றைப் புரட்டும் உணர்வும் வருகின்றன. அப்போது வெறும் தண்ணீரை மட்டும் லிட்டர் கணக்கில் குடிப்பது இரண்டாவது தவறு, அது எஞ்சிய சோடியத்தையும் நீர்த்துப்போகச் செய்யும். அரைத் தேக்கரண்டி உப்பில் ஏறத்தாழ 1 கிராம் சோடியம் இருக்கிறது. அதை எலும்பு சூப்பிலோ எலுமிச்சை நீரிலோ கலந்து பருகினால், காரணம் உப்பிழப்பே என்றால், பெரும்பாலும் சில மணி நேரத்தில் நிம்மதி தெரியும். ஆனால் இரத்த அழுத்தம், இதயம், சிறுநீரகம் தொடர்பான நோயுள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இதைச் செய்யக்கூடாது.

குமட்டலுக்கு மற்றொரு காரணம் வெண்ணெய்க் காபி. கொழுப்பு இரைப்பை காலியாவதைத் தாமதப்படுத்தும். நேற்றுவரை இட்லி உண்ட வயிற்றில் வெறும் வயிற்றிலேயே 30 கிராம் வெண்ணெயை இறக்கினால் அது புரட்டத்தான் செய்யும். உணவு முடிந்த ஓரிரு மணி நேரத்தில் குமட்டல் வந்தால் கொழுப்பையும், எழுந்து நிற்கும்போது வந்தால் உப்பையும் முதலில் சந்தேகிக்கலாம். கொழுப்பை இரண்டு வாரங்களில் படிப்படியாகக் கூட்டுவதே முறை.

இந்த வாய்நாற்றம் வாயில் பிறப்பதில்லை என்பதால், பல் துலக்குவது அதற்குப் பெரிதாக உதவாது. கொழுப்பை எரிக்கும்போது கல்லீரல் உருவாக்கும் கீட்டோன்களில் ஒரு பகுதி அசிட்டோனாக மாறுகிறது. நகப்பூச்சு நீக்கியில் உள்ள அதே பொருள்தான். எளிதில் ஆவியாகும் அது நுரையீரல் வழியே மூச்சில் கலக்கிறது. நீரிழப்பால் வாய் உலர்ந்தால் நாற்றம் இன்னும் தூக்கலாகத் தெரியும். பலருக்குச் சில வாரங்களில் இது தணிகிறது. அதுவரை சர்க்கரை மிட்டாயைச் சுவைத்தால் குறைத்த மாவுச்சத்தே திரும்ப வரும். சோம்பும் ஏலக்காயும் போதும்.

மலச்சிக்கலுக்கு நீரிழப்பும் நார்ச்சத்துக் குறைவும் சேர்ந்தே காரணமாகின்றன. பருப்பும் பழமும் போனபின் முட்டையிலும் இறைச்சியிலும் நார்ச்சத்து சிறிதும் இல்லை. உடலில் நீர் குறைந்திருக்கும்போது பெருங்குடல் மலத்திலிருந்து நீரை மேலும் உறிஞ்சிக்கொள்கிறது. இறைச்சியுணவில் மலத்தின் அளவே குறைவதால், இரண்டு நாளுக்கு ஒருமுறை, ஆனால் மென்மையாகப் போவதை மலச்சிக்கல் என்று எண்ணிப் பேதி மருந்து எடுப்பதும் தவறே. இறுக்கமும் முக்கலும் இருந்தால்தான் கவலை. ஒவ்வொரு வேளையும் கீரை, வெண்டைக்காய், அவரைக்காய், கத்தரிக்காய் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்றைத் தட்டில் பாதியளவு வைப்பது முதல் மருந்து. இசப்கோல் எடுப்பவர் ஒவ்வொரு தேக்கரண்டிக்கும் ஒரு பெரிய டம்ளர் தண்ணீர் குடிக்காவிட்டால், அது சிக்கலை இன்னும் இறுக்கிவிடும்.

எல்லாக் குமட்டலையும் "பழகிவிடும்" என்று விட்டுவிட முடியாது. நீரிழிவுக்காக எம்பாகிளிஃப்ளோசின், டாபாகிளிஃப்ளோசின் போன்ற மாத்திரைகளை உட்கொள்வோர் மாவுச்சத்தை ஒரேயடியாக நிறுத்தினால், இரத்தச் சர்க்கரை ஏறக்குறைய இயல்பாக இருக்கும்போதே இரத்தம் அமிலமாகும் ஆபத்து உண்டு. தொடர் வாந்தி, வயிற்றுவலி, ஆழ்ந்த வேகமான மூச்சு ஆகியவை அதன் அடையாளங்கள். சர்க்கரை அளவு சரியாக இருக்கிறதே என்று வீட்டிலேயே காத்திருக்காமல், உடனே அவசரப் பிரிவுக்குச் சென்று, உண்ணும் மாத்திரையின் பெயரையும் உணவுமுறையையும் மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.