🤝, 🤗, 🫂: வியாபார வாட்ஸ்அப்பில் எதை எங்கே போடுவது?

சென்னிமலையில் பெட்ஷீட் நெய்து வெளியூர்க் கடைகளுக்கு அனுப்பும் சின்னப் பட்டறை ஒன்றில் ஆர்டர் பேசுவது என் வேலை. ரேட் பேசுவது, கடைக்காரர் வீட்டுக் கல்யாணத்துக்கு வாழ்த்துவது, அவர் வீட்டில் யாராவது தவறிவிட்டால் துக்கம் விசாரிப்பது, எல்லாம் ஒரே வாட்ஸ்அப் எண்ணில்தான் நடக்கிறது. அதனால் கைகுலுக்கும் எமோஜியும் கட்டிப்பிடிக்கும் எமோஜியும் எந்த இடத்தில் பொருந்துகின்றன, எந்த இடத்தில் எல்லை தாண்டுகின்றன என்பதைத் தினமும் யோசிக்க வேண்டியிருக்கிறது. புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்களுக்காக எழுதுகிறேன்.

படி 1: படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள்

உங்களுக்கே ஒரு மெசேஜ் அனுப்பி, மூன்றையும் தனித்தனியாகப் போட்டுப் பாருங்கள். 🤝 என்பது இரண்டு கைகள் மட்டும், முகம் கிடையாது. 🤗 என்பதில் முகம் இருக்கிறது, அது சிரிக்கிறது, கன்னம் சிவந்திருக்கிறது. இது 2015-இல் யூனிகோடில் சேர்ந்தது. கைகள் விரிந்திருப்பதால் சிலர் இதை அணைப்பாகப் பார்க்கிறார்கள், சிலர் குஷியில் கையை விரித்து ஆட்டுவதாக எடுத்துக்கொள்கிறார்கள். 🫂 என்பது 2020-இல் வந்தது. இரண்டு உருவங்கள் கட்டிக்கொண்டு நிற்கும், முகம் தெரியாது. பழைய போனில் இது வெறும் கட்டமாகத் தெரியலாம்.

சிரிக்கும் முகம், முகமே இல்லாத அணைப்பு. இந்த ஒரு வித்தியாசம் மனதில் இருந்தால் பாதித் தவறுகள் நடக்காது.

படி 2: பேரம் முடிந்த பிறகே 🤝

அதிகம் பணம் போகிற இடம் இதுதான். எங்களுக்கு நடந்ததையே சொல்கிறேன். வெளியூர்க் கடைக்காரர் ஒருவரிடம் ரேட் பேசிக்கொண்டிருந்தேன். கடைசியாக நான் போட்ட மெசேஜ் இது:

"300 பீஸ், பீஸ் ₹335. 20 நாளில் அனுப்பிவிடலாம். அட்வான்ஸ் 30% போட முடியுமா அண்ணா? கலர் போன தடவை மாதிரியேவா, மாற்றணுமா?"

பதிலுக்கு ஒரு 🤝 மட்டும் வந்தது. முடிந்தது என்று நினைத்துப் பாவு ஓட்டிவிட்டோம். நான்கு நாள் கழித்து அட்வான்ஸ் கேட்டபோது அவர் சொன்னார்: "தம்பி, பேசலாம்னுதான் கை போட்டேன். அண்ணன்கிட்ட இன்னும் கேக்கலையே."

அவர் ஏமாற்றவில்லை. என் மெசேஜில் விலை, நாள், அட்வான்ஸ், கலர் என்று நான்கு விஷயங்கள் இருந்தன, அவற்றில் இரண்டு கேள்விகள். அந்த 🤝 எதற்கான பதில் என்று அதைப் பார்த்து யாராலும் சொல்ல முடியாது. "நன்றி", "நம் உறவு நல்லபடி இருக்கட்டும்", "ரேட் சரி", எல்லாவற்றுக்கும் இங்கே அதைப் போடுகிறார்கள். மெசேஜை அழுத்திப் பிடித்து 🤝 ரியாக்‌ஷன் போட்டாலும் இதே குழப்பம்தான்.

அப்புறம் நான் மாற்றிக்கொண்ட முறை இது. பேச்சு முடிந்ததும் எல்லாவற்றையும் ஒரே மெசேஜில் தொகுத்து, கடைசியில் ஒரே ஒரு கேள்வி வைப்பேன்:

"300 பீஸ், 60×90, பீஸ் ₹335. மொத்தம் ₹1,00,500, ஜிஎஸ்டி தனி. அட்வான்ஸ் ₹30,150. அட்வான்ஸ் வந்த நாளிலிருந்து 20 நாள். கலர் போன தடவை போலவே. இதற்குச் சரி என்றால் 'சரி' என்று ஒரு வார்த்தை போடுங்கள் அண்ணா."

"சரி" என்று வந்த பிறகு நான் 🤝 போடுவேன். அப்போது அது அழகாக இருக்கிறது, நேரில் கை கொடுத்துவிட்டு எழுந்திருப்பது மாதிரி. 'சரி' என்ற எழுத்து வராமல் மறுபடியும் 🤝 மட்டும் வந்தால், "300 பீஸ் ஆரம்பித்துவிடட்டுமா?" என்று ஒருமுறை கேட்காமல் நூலைத் தொடுவதில்லை.

எதிர்ப்பக்கமும் பாருங்கள். இன்னும் முடிவெடுக்காதபோது நீங்கள் மரியாதைக்காக 🤝 போட்டால் அது உங்களையே கட்டிப்போடலாம். கனடாவில் ஒரு விவசாயிக்கு ஆளி விதைக்கான ஒப்பந்தத்தைப் போட்டோ எடுத்து அனுப்பி, உறுதிசெய்யச் சொன்னார்கள். அவர் 👍 போட்டார். பார்த்துவிட்டேன் என்றுதான் போட்டேன் என்பது அவர் வாதம். 2023-இல் சஸ்காச்சுவான் நீதிமன்றம் அதைச் சம்மதமாகவே எடுத்துக்கொண்டு, விதையை அனுப்பாததற்காகச் சுமார் 82,000 கனடா டாலர் கொடுக்கச் சொன்னது. முந்தைய ஒப்பந்தங்களுக்கு அவர் இப்படியே ஓரிரு வார்த்தையில் பதில் போட்டுச் சரக்கு அனுப்பியிருந்ததை நீதிபதி கணக்கில் எடுத்தார். அதாவது உங்கள் பழைய சாட்டும் சேர்ந்தே பேசும். நம் நாட்டு ஒப்பந்தச் சட்டம், 1872, சம்மதம் முழுமையாகவும் நிபந்தனை இல்லாமலும் இருக்க வேண்டும் என்கிறது. மின்னணு வழியில் நடந்தது என்பதற்காக மட்டும் ஒப்பந்தம் செல்லாமல் போகாது. ஆகவே யோசிக்க நேரம் வேண்டும் என்றால், "பார்த்தேன் அண்ணா, நாளைக்குச் சொல்கிறேன்" என்று எழுத்தில் போடுங்கள்.

படி 3: வாழ்த்தில் ஆளைப் பாருங்கள்

கடைக்காரர் புதுக் கிளை திறந்தால், "வாழ்த்துகள் அண்ணா 💐🤝" என்று போடலாம். சேர்ந்து தொழில் செய்கிறோம் என்ற பொருள் அதில் இருக்கிறது. அவர் மகளுக்குக் கல்யாணம் என்றால் 🤝 ஒட்டாது, வீட்டு விசேஷத்தில் வியாபாரம் எட்டிப்பார்க்கிற மாதிரி இருக்கும். 💐 அல்லது 🙏 போதும்.

🤗 இங்கேதான் அதிகம் எல்லை தாண்டுகிறது. நெருங்கிய நண்பன் பாஸ் ஆனதற்குப் போடலாம். கணக்குப் பார்க்கும் அக்கா, வங்கி அதிகாரி, இரண்டு முறை மட்டுமே பேசிய வாடிக்கையாளர், இவர்களுக்கு வேண்டாம். குறிப்பாக ஆண்கள், கூட வேலை பார்க்கும் பெண்களுக்கு அனுப்பும்போது நினைவில் வையுங்கள். நேரில் வணக்கம் சொல்லி நிற்கிற தூரத்தில் இருப்பவரை போனில் கட்டிப்பிடிக்கிறோம். அவர் மறுத்துச் சொல்லவும் முடியாமல், ஏற்கவும் முடியாமல் சங்கடப்படுவார். பதில் வருவது நின்று, வெறும் "ஓகே சார்" மட்டும் வந்தால் அதுதான் அடையாளம். அதற்கு விளக்கம் கேட்டு அவரை இன்னும் நெருக்காமல் நிறுத்திக்கொள்ளுங்கள். அவர் முதலில் அனுப்பினால் அப்போது பார்க்கலாம்.

படி 4: துக்கத்தில் முகம் வேண்டாம்

இறப்புச் செய்திக்குக் கீழே 🤗 வருவதைக் குரூப்களில் பார்த்திருக்கிறேன். அனுப்பியவர் அணைப்பு என்று நினைத்துத்தான் போடுகிறார். இழந்தவர் கண்ணில் படுவது சிரிக்கும் முகம். 🤝 கூட இந்த இடத்தில் கணக்கு முடித்தது போல ஆகிவிடுகிறது.

துக்க வீட்டில் பெண்கள் பெண்களைக் கட்டிக்கொண்டு அழுவார்கள், அது நெருக்கத்தின் உரிமை. அந்த உரிமை உங்களுக்கு உண்டு என்றால் 🫂 சரி. அப்போதும் எழுத்துக்குப் பிறகு ஒன்று, குரூப்பில் இல்லாமல் அவருக்கு மட்டும். மற்ற எல்லாருக்கும் 🙏 போதும், அதுவும் எழுத்து இல்லாமல் தனியாக வேண்டாம்.

மேலே சொன்ன கடைக்காரரின் அம்மா போன மாதம் தவறியபோது நான் அனுப்பியது: "அண்ணா, அம்மா செய்தி கேட்டேன். மனசு கஷ்டமாக இருக்கிறது. சரக்கு பற்றி இப்போது யோசிக்க வேண்டாம், நீங்கள் கூப்பிடும்போது பேசிக்கொள்ளலாம். 🙏"

தவறாகப் போய்விட்டால்

ரியாக்‌ஷன் என்றால் அதையே மறுபடி தொட்டால் எடுபட்டுவிடும். மெசேஜ் என்றால் 15 நிமிடத்துக்குள் திருத்தலாம், இரண்டு நாளுக்குள் எல்லாருக்கும் சேர்த்து அழிக்கலாம். ஆனால் அழித்த இடத்தில் அழித்ததற்கான குறிப்பு நிற்கும். துக்கச் செய்தியில் அது இன்னும் உறுத்தும். அங்கே அழித்த கையோடு, "மன்னிக்கணும், தவறான படம் போய்விட்டது. ஆழ்ந்த இரங்கல் அண்ணா" என்று உடனே எழுதிவிடுங்கள். அவர் முதல் மெசேஜைப் பார்த்திருந்தாலும் இதையும் சேர்த்தே படிப்பார்.